வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து கேட்கிறார்கள்: எச்.ஆருக்கு என்ன எழுதுவது?

கேள்வி: வணக்கம் ஐயா. டாலஸ் பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் 11 வருஷமாக வேலை. வயது 47. எச்-1பி விசா. மே 4, திங்கட்கிழமை மீட்டிங் வைத்து, என்னையும் எங்கள் டீமில் இன்னும் ஆறு பேரையும் எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். கடைசி நாள் மே 15. 11 வாரச் சம்பளம் செவரன்ஸாகத் தருவார்களாம். பதிலுக்கு, கம்பெனி மேல் எந்தக் கேஸும் போடமாட்டேன் என்று 9 பக்க ஒப்பந்தத்தில் வெள்ளி மாலை 5 மணிக்குள் ஆன்லைனில் கையெழுத்துப் போட வேண்டும். அவகாசம் கேட்டால் தருவதையும் நிறுத்திவிடுவார்களோ என்று பயம். மெயில் எப்படி எழுதுவது? தாமதித்தால் விசாவுக்குப் பாதிப்பு வருமா?

பதில்: வணக்கம். தாராளமாகக் கேளுங்கள், அதையும் இன்றே கேளுங்கள். வெள்ளி மதியம் வரை வைத்திருந்து கேட்டால் எச்.ஆரில் பதில் சொல்ல ஆள் இருக்காது. கெடு முடிகிற நேரத்தில் உங்கள் கையில் ஒரு எழுத்தும் இருக்காது.

நீங்கள் சொன்னதில் இரண்டு விஷயங்கள் உங்கள் நிலையையே மாற்றுகின்றன. ஒன்று வயது 47. இன்னொன்று, உங்களோடு ஆறு பேரையும் சேர்த்து எடுத்தது. அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வேலையில் வயதுப் பாகுபாட்டிலிருந்து காக்க 1967-இல் ஒரு சட்டம் வந்தது. இருபது பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அது பொருந்தும். அந்தச் சட்டம் தரும் உரிமையை ஊழியர் எழுதிக்கொடுத்து விடுவதானால் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று 1990-இல் ஒரு திருத்தம் வரையறுத்தது. மெயிலில் அதன் பெயரைச் சுருக்கமாக OWBPA என்று தட்டினால் போதும். கம்பெனி வக்கீலுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

அந்தத் திருத்தத்தின்படி, தனி ஒருவரை எடுக்கும்போது யோசிக்க 21 நாளாவது தர வேண்டும். ஒரு திட்டமாகப் பலரை எடுத்தால் 45 நாள். இரண்டு பேர் இருந்தாலே அது குழுவாக எண்ணப்படலாம். நீங்களோ ஏழு பேர். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் மனம் மாறித் திரும்பப் பெறலாம். இந்த 7 நாளை இரு தரப்பும் சம்மதித்தால்கூடக் குறைக்க முடியாது. வக்கீலைக் கலந்துகொள்ளுங்கள் என்று கம்பெனி எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். வயதுச் சட்டத்தின் கீழ் உள்ள உரிமையைத்தான் விடுகிறீர்கள் என்று ஒப்பந்தம் பெயர் குறிப்பிட்டே சொல்ல வேண்டும். குழுவாக எடுக்கும்போது இன்னொன்றும் சேரும்: அந்தப் பிரிவில் எந்தப் பதவியில், எந்த வயதுள்ளவர்களை எடுத்தார்கள், யாரை வைத்துக்கொண்டார்கள் என்ற பட்டியல். அதில் பெயர் இருக்காது, பதவியும் வயதும்தான். உங்கள் 9 பக்கத்துக்குப் பின்னால் இப்படி ஒரு அட்டவணை இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான்கு நாள் கெடு வைத்தவர்கள் அதையும் விட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். செவரன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று டெக்சாஸில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. ஆகவே கம்பெனிக்கு இது கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தை அவர்கள் தருவதே உங்கள் கையெழுத்துக்காகத்தான், அதுவும் செல்லுபடியாகும் கையெழுத்துக்காக. 1998-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊப்ரே எதிர் என்டர்ஜி வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. அந்தப் பெண் ஊழியருக்கு யோசிக்க 14 நாள்தான் கொடுத்திருந்தார்கள். திரும்பப் பெற 7 நாள் தரவில்லை. ஒப்பந்தத்தில் வயதுச் சட்டத்தின் பெயரும் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டு, பணத்தையும் வாங்கிய பிறகுதான் வழக்குப் போட்டார். சட்டம் கேட்டதை நிறைவேற்றாத அந்தத் துறப்பு அவருடைய வயதுப் பாகுபாட்டு வழக்கைத் தடுக்காது, வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்த பிறகுதான் வழக்குப் போடலாம் என்றும் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான்கு நாள் கெடுவில் உங்களிடம் கையெழுத்து வாங்கினால் கம்பெனிக்கும் அதே கதிதான்: 11 வாரச் சம்பளமும் போகும், வழக்கிலிருந்து பாதுகாப்பும் கிடைக்காது. இது கம்பெனி வக்கீலுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். எச்.ஆரில் கடிதம் அனுப்புகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான வார்ப்பு ஒப்பந்தத்தை அப்படியே உங்களுக்கும் அனுப்பியிருக்கவும் கூடும்.

இதைப் படித்துவிட்டு, "சரி, எப்படியும் செல்லாத ஒப்பந்தம்தானே, இப்போதே போட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்" என்று நினைத்துவிடாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். இந்தக் குறை வயதுச் சட்டத்தின் கீழ் உள்ள உரிமையைத் துறப்பதை மட்டுமே பாதிக்கும். பிறந்த நாடு, இனம், மதம், பாலினம் சார்ந்த பாகுபாடு, உடல் ஊனம், போனஸ் பாக்கி போன்ற மற்ற உரிமைகளை அதே தாளில் விட்டிருந்தால் அவை வேறு அளவுகோலில் எடைபோடப்படும். தெரிந்து, விரும்பிக் கையெழுத்திட்டாரா என்பதை அங்கே சூழ்நிலை முழுவதையும் வைத்து நீதிமன்றம் பார்க்கும். அந்தப் பகுதி நிற்கலாம். அதனால் படிக்காமல் போட வேண்டாம்.

முதலில் நாளைக் கணக்கிடுவோம். கம்பெனி இறுதி ஒப்பந்தத்தை உங்கள் கையில் கொடுத்த நாளிலிருந்து 45 நாள் ஓடத் தொடங்குகிறது. மே 4-க்கு அடுத்த நாளை ஒன்று என்று வைத்தால் ஜூன் 18-இல் 45 முடிகிறது. வயது அட்டவணையை இனிமேல்தான் தருகிறார்கள் என்றால், அது வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. பின்னால் தொகையையோ முக்கிய நிபந்தனையையோ மாற்றினாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆனால் எந்த மாற்றமும் நாளைத் திரும்பத் தொடங்க வைக்காது என்று ஒப்பந்தத்திலேயே சம்மதம் வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பல ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் அந்த வரி இருக்கும். 45 நாளையும் நீங்கள் செலவழித்தே ஆக வேண்டும் என்பதில்லை. வக்கீல் பார்த்துச் சரி என்றால் இருபதாம் நாளிலும் கையெழுத்திடலாம், அது உங்கள் விருப்பமாக இருக்கும் வரை. முன்கூட்டிப் போடாவிட்டால் சலுகை போய்விடும் என்று மிரட்டியோ, சீக்கிரம் போடுகிறவருக்கு ஒரு தொகை, தாமதிப்பவருக்கு வேறு தொகை என்று வைத்தோ வாங்கிய கையெழுத்தைச் சட்டம் விரும்பிப் போட்டதாக ஏற்காது.

இனி மெயில். அதன் வேலை ஒன்றுதான்: தேதியை எழுத்தில் நகர்த்துவது. தொகையைக் கூட்டிக் கேட்பது, மேனேஜர் நடந்துகொண்ட விதம், 11 வருஷ உழைப்பு எல்லாம் இதில் வரக்கூடாது. மனக்கசப்பு மட்டும் இதற்குக் காரணமில்லை. பொதுவான ஒப்பந்தச் சட்டப்படி, வந்த சலுகைக்குப் பதிலாக "16 வாரம் தந்தால் சரி" என்று எழுதினால் அது எதிர்ச்சலுகை ஆகிவிடும். முதல் சலுகையை நீங்கள் மறுத்ததாக அவர்கள் எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கும். அவகாசம் கேட்பதில் அந்த ஆபத்து இல்லை. அதையும் வெளிப்படையாக ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது. தொகை பற்றிய பேச்சு, வக்கீல் தாளைப் பார்த்த பிறகு, வேறு மெயிலில்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இப்படி மெயில் எழுதும்போது மூன்று முறை மன்னிப்புக் கேட்டு, தாராளமான சலுகைக்கு நன்றி சொல்லி, "ஏற்றுக்கொள்வதில் மகிழ்ச்சி, ஆனாலும் சிறிது நேரம்" என்று முடிப்பார்கள். அந்த "ஏற்றுக்கொள்வதில் மகிழ்ச்சி" நாளைக்கு உங்களுக்கு எதிராக வாசிக்கப்படும். "ராஜினாமா" என்ற சொல்லும் எங்கும் வரக்கூடாது. நீங்கள் விலகவில்லை, எடுக்கப்பட்டீர்கள். இன்னொரு எல்லைக்குப் போய் "பாகுபாடு", "கோர்ட்டில் சந்திப்போம்" என்றும் எழுத வேண்டாம். உண்மையிலேயே அப்படி ஒரு புகார் இருந்தால் அது வக்கீல் தேர்ந்த சொற்களில் போக வேண்டியது.

உங்கள் சொந்த மெயிலிலிருந்து அனுப்புங்கள். ஆபீஸ் கணக்கை எந்த நிமிடமும் மூடிவிடுவார்கள். பதில் அங்கே வந்தால் உங்களுக்குக் கிடைக்காது. வக்கீலோடு பேசுவதையும் ஆபீஸ் கணக்கிலோ ஆபீஸ் லேப்டாப்பிலோ வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த உரையாடலின் ரகசியக் காப்பே கேள்விக்குள்ளாகும். ஒப்பந்தம், வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு, பங்கு ஒதுக்கீட்டுக் கடிதம், உங்கள் பெயரில் உள்ள மதிப்பீடுகள் ஆகியவற்றுக்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். கம்பெனியின் கோடு, வாடிக்கையாளர் விவரம், உள் மெயில் எதையும் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். செவரன்ஸை மறுக்க அவர்களுக்கு அதுவே சாக்காகிவிடும்.

மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். எந்த வரி எதற்கு என்று தெரிந்து எழுத வேண்டும் என்பதற்காகத் தமிழில் தருகிறேன். எளிய ஆங்கிலத்தில் வரிக்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

> பொருள்: செவரன்ஸ் ஒப்பந்தம் – பரிசீலிக்க அவகாசம் வேண்டி
>
> வணக்கம். மே 4 அன்று எனக்குத் தந்த பணிப்பிரிவு ஒப்பந்தம் கிடைத்தது. அதைக் கவனமாகப் படித்து, வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுக்க விரும்புகிறேன்.
>
> எனக்கு 47 வயது. மே 4 அன்று என்னோடு எங்கள் குழுவில் வேறு சிலரின் வேலையும் முடிவுக்கு வந்ததாக அறிகிறேன். இத்தகைய நிலையில் OWBPA-வின் கீழ் 45 நாள் பரிசீலனைக் காலமும், கையெழுத்துக்குப் பின் 7 நாள் திரும்பப் பெறும் காலமும் உண்டு என்பது என் புரிதல். எனவே கையெழுத்துக் கெடுவை மே 8-இலிருந்து ஜூன் 18-க்கு மாற்றி எழுத்தில் உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> அந்தச் சட்டம் குறிப்பிடும், பதவியும் வயதும் அடங்கிய தகவல் பட்டியல் எனக்கு வந்த தாள்களில் இல்லை. தயவுசெய்து அனுப்பி வையுங்கள். ஒப்பந்தத்தில் குறிப்பிடும் பங்கு, போனஸ், மருத்துவக் காப்பீடு தொடர்பான திட்ட ஆவணங்களின் பிரதிகளும் தேவை.
>
> இந்தக் கடிதம் சலுகையை ஏற்பதோ மறுப்பதோ எதிர்ச்சலுகையோ அல்ல. பரிசீலனைக் காலம் முழுவதும் இப்போதைய சலுகை மாறாமல் இருக்கும் என்பதை உறுதிசெய்யுங்கள். என் கடைசிச் சம்பளமும் ஏற்கெனவே சேர்ந்த தொகைகளும் ஒப்பந்தத்தைச் சாராமல் உரிய நாளில் வந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறேன்.
>
> மே 6 மாலைக்குள் பதில் தந்தால் உதவியாக இருக்கும். இனி இது தொடர்பான கடிதங்களை இந்த முகவரிக்கே அனுப்புங்கள்.

சட்டத்தைக் குறிப்பிடும் வரியில் "என் புரிதல்" என்று வைத்தது பணிவுக்காக மட்டும் அல்ல. எச்.ஆர் ஊழியர் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டு பதில் வாதம் செய்யாமல், "வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று மேலே அனுப்ப அது வழி விடுகிறது. மேலே போனால் பெரும்பாலும் அதே நாளில் திருத்திய தாள் வரும். பட்டியலைக் கேட்கும் வரியை எழுதுமுன், அது நிஜமாகவே இணைப்பில் இல்லையா என்று ஒவ்வொரு பக்கமும் பார்த்துவிடுங்கள். கொடுத்ததை இல்லை என்று எழுதினால் மற்ற வரிகளும் வலுவிழந்துவிடும்.

கடைசிச் சம்பளம் பற்றிய வரிக்கும் காரணம் உண்டு. டெக்சாஸில் வேலையை விட்டு எடுத்தவருக்கு ஆறு நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். உங்களுக்கு மே 15 கடைசி நாள் என்றால் மே 21-க்குள். அந்தப் பணம் ஏற்கெனவே உங்களுடையது. அதைக் கையெழுத்தோடு முடிச்சுப்போட முடியாது. உரிமையைத் துறப்பதற்கு ஈடாக, எப்படியும் வர வேண்டியதற்கு மேல் ஏதாவது தந்திருந்தால்தான் அந்தத் துறப்பு நிற்கும். எடுக்காத விடுமுறைக்குப் பணம் உண்டா என்பது டெக்சாஸில் உங்கள் கம்பெனியின் எழுத்துக் கொள்கையைப் பொறுத்தது. அதில் உண்டு என்று இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். 11 வாரத் தொகைக்குள் விடுமுறைப் பணத்தை அடக்கிக் காட்டியிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள்.

ஆன்லைன் கையெழுத்துப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. டாக்யுசைனில் வந்திருந்தால் Decline to Sign என்பதைத் தொடவே வேண்டாம். அது "இப்போது வேண்டாம்" என்று ஒத்திப்போடும் பொத்தான் இல்லை. அழுத்தினால் அந்த ஆவணமே ரத்தாகி, நீங்கள் மறுத்ததாக அனுப்பியவருக்குத் தகவல் போய்விடும். படித்துவிட்டு வெளியேற Finish Later இருக்கிறது. வெளியேறுமுன் முழு ஆவணத்தையும் பி.டி.எஃப். ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்ததும் இணைப்பு காலாவதியாகிவிட்டால் நீங்கள் எதைப் படித்தீர்கள் என்பதற்கே சான்று இருக்காது.

மெயில் போன பிறகு மூன்று விதமாக நடக்கலாம். "சரி" என்று வந்தால் புதிய தேதி தாளிலும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மெயிலில் ஜூன் 18, ஒப்பந்தத்தில் மே 8 என்று நின்றால், பின்னால் ஒரு பக்கத்தில் "இந்த ஒப்பந்தமே முழு உடன்பாடு, வேறு பேச்சு எதுவும் செல்லாது" என்ற பிரிவு அந்த மெயிலை விழுங்கிவிடும். திருத்திய தாளைக் கேளுங்கள்.

இரண்டாவது, போன் வரும். "எல்லோரும் போட்டுவிட்டார்கள், வழக்கமான பேப்பர்தான், உங்களுக்காகத் திங்கள் வரை தருகிறோம்" என்பார்கள். போனில் சம்மதிக்க வேண்டாம், சண்டையும் வேண்டாம். "நன்றி, நான் கேட்டதை எழுத்தில் பதில் தாருங்கள்" என்று முடித்துவிட்டு, பத்து நிமிடத்தில் ஒரு மெயில் போடுங்கள்: இன்று இத்தனை மணிக்குப் பேசினோம், கெடுவைத் திங்கள் வரை நீட்டுவதாகச் சொன்னீர்கள், நான் கேட்டது ஜூன் 18, அதற்கான பதிலுக்குக் காத்திருக்கிறேன். மற்ற ஆறு பேர் போட்டார்களா என்பது உங்கள் உரிமையைத் தொடாது. அவர்களில் யாருக்காவது 40-க்குக் கீழ் வயது இருந்தால் அவர்களுக்கு இந்த 45 நாள் கணக்கே கிடையாது.

மூன்றாவது, பதிலே வராது. வியாழன் காலையில் அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரி நினைவூட்டல் போட்டு, எச்.ஆர் தலைமைக்கும் பிரதி வையுங்கள். கம்பெனியின் சட்டப் பிரிவுக்குப் பொது மெயில் இருந்தால் அதையும் சேருங்கள். வெள்ளி மாலை வரை பதில் வராவிட்டால், 5 மணிக்கு முன், 4:30-க்கு ஒரு வரி: அவகாசக் கோரிக்கை நிலுவையில் உள்ளது, சலுகையை நான் மறுக்கவில்லை, பரிசீலித்துக்கொண்டிருக்கிறேன். சலுகை போய்விடும் என்ற பதற்றத்தில் 4:55-க்குக் கையெழுத்துப் போடுவதுதான் இந்த வாரத்தில் நீங்கள் செய்யக்கூடிய மோசமான காரியம். கம்பெனி எழுத்தில் மறுத்தால், அந்த மறுப்பு மெயிலோடு அன்றே டெக்சாஸில் வேலைச் சட்டம் பார்க்கும் வக்கீலிடம் போங்கள். குறிப்பாக ஊழியர் தரப்பில் வாதாடுகிறவரிடம். இமிக்ரேஷன் வக்கீல் இதற்குப் போதாது. மறுப்பு மெயில் கையில் இருப்பது அவருக்கு நல்ல ஆயுதம்.

விசா கேள்விக்கு வருகிறேன். கையெழுத்துப் போடும் தேதிக்கும் எச்-1பி கணக்குக்கும் தொடர்பே இல்லை. 60 நாள் சலுகைக் காலம் வேலை முடிந்த மறுநாள் தொடங்குகிறது. மே 15 கடைசி நாள் என்றால் ஜூலை 14 வரை, உங்கள் ஐ-94 அதற்கு முன்னாலேயே முடியாதிருந்தால். கையெழுத்தைத் தள்ளினால் இந்த 60 குறையாது. செவரன்ஸ் 11 வாரம் வருகிறது என்பதற்காக இது நீளவும் செய்யாது. 11 வாரம் என்பது 77 நாள், ஆகவே ஆகஸ்ட் வரை தெம்பாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. செவரன்ஸ் சம்பளம் அல்ல. குடியேற்றத் துறை பார்ப்பது வேலை முடிந்த நாளை. அதற்குள் புதிய கம்பெனி உங்களுக்காக மனுப் போட வேண்டும், அல்லது நீங்கள் வேறு விசா நிலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். 45 நாளையும் முழுதாகப் பயன்படுத்தினால் ஜூன் 18 அன்று இந்த 60-இல் 34 நாள் ஓடிவிட்டிருக்கும். அதனால் ஒப்பந்தத்தை வக்கீல் பார்ப்பதும் வேலை தேடுவதும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

உங்களைப் போன்றவர்களுக்குத் தொகையைக் கூட்டுவதைவிடக் கடைசி நாளைத் தள்ளுவது பெரிய லாபமாக இருக்கலாம். செவரன்ஸில் சில வாரத்தைக் குறைத்துக்கொண்டு, உண்மையான வேலையோடு, உதாரணமாக வேலையை மற்றவருக்கு ஒப்படைக்கும் பொறுப்போடு, ஜூன் நடுப்பகுதி வரை பேரோலில் வைக்கச் சொல்லலாம். வேலையில்லாமல் பேரில் மட்டும் வைத்திருப்பது விசா விஷயத்தில் சிக்கலாகும். அதை இமிக்ரேஷன் வக்கீலிடம் கேட்டபிறகே முன்வையுங்கள். இந்தக் கோரிக்கையும் அவகாச மெயிலில் வேண்டாம், அடுத்த சுற்றுக்கு. விசா முடியுமுன் கம்பெனியே வேலையை முடித்தால், ஊர் திரும்ப நியாயமான பயணச் செலவை அது ஏற்க வேண்டும் என்பது விதி. அதையும் செவரன்ஸின் சலுகையாக எழுதியிருந்தால், அது உங்களுக்கு ஏற்கெனவே உள்ள உரிமை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த நாட்களில் வக்கீலிடம் எதைக் கேட்பது? அவருடைய நேரத்துக்குக் காசு என்பதால், மூன்று இடத்தில் கோடு போட்டுக் கொண்டுபோங்கள். முதலாவது, எதையெல்லாம் துறக்கிறேன் என்ற பத்தி. அதில் வேலைவாய்ப்புச் சமவாய்ப்பு ஆணையத்திடம், அதாவது ஈ.ஈ.ஓ.சி.யிடம், புகார் கொடுக்கும் உரிமையையே விடச் சொன்னால் அந்த வரி செல்லாது. புகாரால் வரும் பணத்தை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கலாம், புகார் கொடுக்கும் உரிமையை எழுதிக்கொடுக்க முடியாது. உங்கள் பெயரில் சேர்ந்துவிட்ட 401(கே) பணத்தையும் அப்படியே. கையெழுத்துக்குப் பிறகு நடக்கப்போகும் எதற்கும் இப்போதே உரிமையை விட முடியாது. மே 15-க்கு முன்னாலேயே கையெழுத்துக் கேட்பது விசித்திரமாக இருப்பதும் இதனால்தான். மீதி நாட்களில் நடப்பதை அந்தக் கையெழுத்து மூடாது. பல கம்பெனிகள் கடைசி நாளுக்கு முன் போடக்கூடாது என்றே எழுதுவதற்கு இது காரணம்.

இரண்டாவது, உங்களை மட்டும் கட்டும் பிரிவுகள்: போட்டிக் கம்பெனியில் சேரத் தடை, வாடிக்கையாளரைத் தொடத் தடை, மீறினால் செவரன்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி. 60 நாளுக்குள் வேலை தேடுகிற ஒருவருக்குத் தொகையைவிட இதுதான் முக்கியம். மூன்றாவது, "எனக்குப் போதிய அவகாசம் கிடைத்தது, நானே விரும்பி முன்கூட்டிப் போடுகிறேன்" என்ற ஒப்புதல் வரி. நான்கு நாளில் வாங்கிய கையெழுத்தைக் காப்பாற்ற அதைத்தான் காட்டுவார்கள். உண்மை இல்லாத ஒப்புதலில் கையெழுத்திட வேண்டாம்; நாளைத் திருத்தச் சொல்லுங்கள்.

இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. கம்பெனியோடு நீங்கள் பேசிக்கொண்டிருப்பதால் அது நிற்காது. வயதுப் பாகுபாட்டுப் புகார் கொடுக்க நினைத்தால், டெக்சாஸ் மாநில அமைப்பிடம் 180 நாளுக்குள், ஈ.ஈ.ஓ.சி.யிடம் அங்கே 300 நாளுக்குள் போக வேண்டும். கணக்கு முடிவு உங்களிடம் சொல்லப்பட்ட மே 4-இலிருந்து தொடங்கும், மே 15-இலிருந்து அல்ல. 180-ஆவது நாள் அக்டோபர் 31. அது சனிக்கிழமை, வெள்ளிக்கு முன்னால் முடித்துவிடும் திட்டத்தோடு இருங்கள்.

இதைப் படிக்கும் 40-க்குக் கீழான நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு மத்தியச் சட்டத்தில் நாள் கணக்கு எதுவும் இல்லை. ஆனாலும் நீதிமன்றம் துறப்பை எடைபோடும்போது எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்றும் பார்க்கும். எனவே வக்கீலின் முதல் சந்திப்புத் தேதியைக் காரணமாகச் சொல்லி 10 நாளோ 14 நாளோ கேளுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் தரும். கலிபோர்னியாவில் இருந்தால் வக்கீலைக் கலந்துகொள்ளக் குறைந்தது 5 வேலைநாள் தர வேண்டும் என்று மாநிலச் சட்டம் உண்டு. மேலே உள்ள மெயிலில் வயது, OWBPA, பட்டியல் மூன்றையும் எடுத்துவிட்டால் மீதி அப்படியே பொருந்தும்.

உங்களுக்கு வருவோம். ஒருநாள் கையெழுத்துப் போட்டுவிட்டால், திரும்பப் பெறும் 7 நாள் முடிந்த பிறகுதான் ஒப்பந்தம் உயிர்பெறும். பணமும் அதன்பிறகே வரும். மனம் மாறினால் யாருக்கு, எந்த முகவரிக்கு, மெயிலா தபாலா என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். அந்த முறையிலேயே, ஏழாம் நாளுக்கு முன்னால் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.